நேரில் கண்ட நிகழ்ச்சியை ஆய்வில் சான்றாகக் காட்டுவது

கேள்வி: "நான் அரங்கில் நேரில் பார்த்த ஒரு நடன நிகழ்ச்சியை என் ஆய்வுக் கட்டுரையில் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு ஒளிப்பதிவு கிடையாது. நுழைவுச்சீட்டும் அச்சிட்ட நிகழ்ச்சிக் குறிப்பேடும் மட்டும் கையில் உள்ளன. தேதி, அரங்கம், கலைஞர்கள் ஆகியவற்றை எந்த வரிசையில் எழுத வேண்டும்? வாசகரால் சரிபார்க்க முடியாத ஒன்றைச் சான்று என்று சொல்லலாமா?"

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெளிவானால் வரிசை பற்றிய கேள்வி பெருமளவு தானாகத் தீர்ந்துவிடும். ஒரு நூலைச் சான்று காட்டும்போது, 'இந்தப் பக்கத்தை நீங்களும் புரட்டிப் பார்க்கலாம்' என்று வாசகருக்குச் சொல்கிறோம். அரங்கில் நிகழ்ந்து முடிந்துவிட்ட ஒன்றை அப்படிக் காட்ட இயலாது. 'அன்று அங்கே இருந்தேன், இதைக் கண்டேன்' என்று சாட்சிதான் சொல்கிறோம். சாட்சியம் ஆய்வில் ஏற்கத்தக்கதே. ஆனால் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. இன்ன நாளில், இன்ன அரங்கில், இன்னார் பங்கேற்று ஒரு நிகழ்ச்சி நடந்தது என்பது ஒரு பகுதி. இதை வாசகர் வேறு வழிகளில் சரிபார்த்துக்கொள்ளலாம். மேடையில் நீங்கள் கண்டது மற்றொரு பகுதி; இது உங்கள் சொல்லை நம்பியே நிற்கிறது. அடிக்குறிப்பிலோ கட்டுரை இறுதியில் வரும் சான்றுப் பட்டியலிலோ முதல் பகுதி இடம்பெற வேண்டும். இரண்டாவது கட்டுரையின் உடலில், உங்கள் பார்வையாக, வெளிப்படையாக வர வேண்டும். அரங்கக் கலைகள் குறித்த ஆய்வேடுகளைச் செம்மை செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நான் காணும் குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கலப்பதால் வருபவை.

அடுத்து, எதைச் சான்று காட்டுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஒரே பெயருக்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன: படைப்பு, அதற்கு ஒரு குழு கொடுத்த மேடை வடிவம், குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்த நிகழ்வு. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' என்னும் பாலே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1913 மே 29 அன்று பாரிஸில் உள்ள ஷான்ஸ்-எலிசே அரங்கில், தியாகிலேவின் ருஷ்ய பாலே குழு அதை முதன்முதலாக மேடையேற்றியது. நடன அமைப்பு நிஜின்ஸ்கி, இசைக்குழுவை நடத்தியவர் பியேர் மாந்தோ. அந்த நடன அமைப்பு பாரிஸிலும் லண்டனிலும் சில முறை மட்டுமே ஆடப்பட்டுக் கைவிடப்பட்டது. 1920இல் அதே இசைக்கு மாசீன் புதிதாக நடனம் அமைத்தார். 1962இல் கென்னத் மக்மில்லனும் 1975இல் பீனா பௌஷும் தங்கள் தங்கள் வழியில் அமைத்தார்கள். நிஜின்ஸ்கியின் தொலைந்துபோன வடிவத்தை மிலிசென்ட் ஹாட்சனும் கென்னத் ஆர்ச்சரும் எஞ்சிய ஆவணங்களைக் கொண்டு மீட்டுருவாக்கினார்கள். ஜாஃப்ரி பாலே குழு அதை 1987இல் ஆடியது. இந்த நிலையில் ஒருவர் 'வசந்தத்தின் சடங்கை நேரில் பார்த்தேன்' என்று எழுதி, பக்கத்தில் தேதியை மட்டும் போட்டால், அவர் பார்த்தது எந்த நடனம் என்பதே நமக்குத் தெரியாது. இசை ஒன்றுதான், கால்கள் செய்தவை ஒவ்வொன்றிலும் வேறு. ஆகவே நடன நிகழ்ச்சிக்கு நடன அமைப்பாளரின் பெயர் கட்டாயம். அது மீட்டுருவாக்கமானால், மூல அமைப்பாளர், மீட்டவர் என்று இருவரையும் குறிக்க வேண்டும். '1987இல் நான் கண்ட நிஜின்ஸ்கியின் நடனம்' என்று யாராவது எழுதினால், சரியாகச் சொன்னால் அவர் கண்டது ஹாட்சனும் ஆர்ச்சரும் நிஜின்ஸ்கியைப் புரிந்துகொண்ட விதத்தைத்தான்.

அதே நிகழ்ச்சி தேதியைப் பற்றியும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1913ஆம் ஆண்டின் முதல் காட்சியில் எழுந்த கூச்சலும் குழப்பமும் புகழ்பெற்றவை. அமெரிக்க விமர்சகர் கார்ல் வான் வெக்டன், தாம் அந்த முதல் இரவில் இருந்ததாகவும், பின்னால் இருந்த இளைஞர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுத் தம் தலைமீது முஷ்டியால் தாளம் போட்டதாகவும் எழுதினார். உண்மையில் அவர் போனது ஜூன் 2 அன்று நடந்த இரண்டாவது காட்சிக்கு. தலையில் தாளம் விழுந்தது பொய் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. ஆனால் அதை முதல் இரவின் வரவேற்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டவர்கள் அனைவரும் வேறோர் இரவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டது மெய்யாக இருந்தும் தேதி பிழைத்ததால் சான்று கெட்டது. அனுபவம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தாலும், நாளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். புகழ்பெற்ற நாள் ஒன்று அருகில் இருந்தால் நினைவு அதன் பக்கம் சாய்ந்துவிடும். நுழைவுச்சீட்டைப் பார்த்தே எழுதுங்கள்.

இனி வரிசைக்கு வருகிறேன். பயன்பாட்டில் இருக்கும் மேற்கோள் நெறிகளில் மூன்று உங்களுக்குத் தேவைப்படலாம். மூன்றும் இந்த விஷயத்தை வெவ்வேறு விதமாகப் பார்க்கின்றன. சிகாகோ கையேடு, நேரடி நிகழ்ச்சியை வாசகர் திரும்பப் பார்க்க முடியாது என்பதால், விவரங்களைக் கட்டுரையின் உடலிலோ குறிப்பிலோ தந்தால் பொதுவாகப் போதும் என்கிறது. அதன் 17ஆம் பதிப்பு 'ஹாமில்டன்' இசைநாடகத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறது. தமிழில் அமைத்தால் அது ஏறக்குறைய இப்படி வரும்:

ஹாமில்டன், இசையும் பாடல்களும் லின்-மானுவல் மிராண்டா, இயக்கம் தாமஸ் கைல், நடன அமைப்பு ஆண்டி பிளாங்கன்பியூலர், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கு, நியூயார்க், 2016 பிப்ரவரி 2.

அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்த எம்.எல்.ஏ. நெறியில் நேரடி நிகழ்ச்சிக்குப் பட்டியலிலேயே இடம் உண்டு. அங்கே தேதிக்குப் பிறகுதான் அரங்கம் வரும்:

ஹாமில்டன். இசையும் பாடல்களும் லின்-மானுவல் மிராண்டா, இயக்கம் தாமஸ் கைல், 2016 பிப்ரவரி 2, ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கு, நியூயார்க்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. எம்.எல்.ஏ. எல்லா வகைச் சான்றுகளையும் ஒரே அச்சில் வார்க்கிறது. அந்த அச்சில் தேதிக்குப் பின் 'இடம்' என்னும் கூறு வருகிறது. நூலின் ஒரு பகுதிக்குப் பக்க எண் எதுவோ, நிகழ்ச்சிக்கு அரங்கமும் ஊரும் அது. குழு ஒன்று நிகழ்த்தியிருந்தால் அதன் பெயர், நூலில் பதிப்பகம் நிற்கும் இடத்தில், தேதிக்கு முன் வரும். இதைப் புரிந்துகொண்டால் வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மேலே உள்ள இரண்டு பதிவுகளையும் மறுபடி பாருங்கள். எழுதியவரும் இயக்கியவரும் இரண்டிலும் இருக்கிறார்கள், நடனம் அமைத்தவர் முதலாவதில் இருக்கிறார். மேடையில் நின்ற ஒருவர்கூடப் பெயராக இல்லை. மிராண்டாவின் பெயர் இருக்கிறது, ஆனால் படைத்தவராக. அவரே தலைமைப் பாத்திரத்திலும் நடித்தவர் என்பதால், வாசகர் அன்று மேடையிலும் அவர்தான் நின்றார் என்று எண்ணிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அங்கேதான் இடறுகிறது. அந்தப் பாத்திரத்துக்கு ஹாவியர் முன்யோஸ் மாற்று நடிகராக இருந்தார். மிராண்டா விடுப்பில் இருந்த காட்சிகளில் அவர் நடித்தார். 2016 ஜூலை 9 அன்று மிராண்டா கடைசியாக நடித்த பின் அந்தப் பாத்திரம் முன்யோஸுக்கே வந்தது. ஆகவே இசை அமைப்பைப் பற்றியோ மேடை அமைப்பைப் பற்றியோ எழுதுகிறீர்கள் என்றால் மேலே உள்ள வடிவம் போதும். தலைமை நடிகரின் குரலைப் பற்றி ஒரு வரி எழுதினாலும், அந்த நாளில் பாடியவர் யார் என்பது சான்றில் இருந்தாக வேண்டும். அப்போது எம்.எல்.ஏ. நெறியில் நடிகரின் பெயரைத் தொடக்கத்தில் வைத்து, அருகில் 'நடிகர்' என்று பங்கைக் குறிக்கலாம். தலைப்பு அதன் பின் வரும். சிகாகோ முறையில் அடிக்குறிப்பிலேயே பாத்திரத்தின் பெயரோடு சேர்த்துவிடலாம். உங்கள் வாதம் யாரைப் பற்றியதோ அவர் பதிவில் முன்னால் வர வேண்டும். இதில் நெறிகளுக்கிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை.

இதே இசைநாடகம் அரங்கத்தின் பெயர் ஏன் அலங்காரம் அல்ல என்பதையும் காட்டுகிறது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது நியூயார்க்கிலேயே பப்ளிக் தியேட்டர் என்னும் அரங்கில் நடந்தது. அதே ஆண்டில் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்குக்கு மாறியது. தலைப்பு, ஊர், ஆண்டு, இயக்குநர் எல்லாம் ஒன்றே. ஆனால் முதல் அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னனாகத் தொடக்கத்தில் நடித்தவர் பிரையன் டார்சி ஜேம்ஸ். இரண்டாவது அரங்கில் தொடக்கத்தில் நடித்தவர் ஜோனதன் கிராஃப். '2015, நியூயார்க்' என்று மட்டும் எழுதினால் இவ்விரண்டில் எது என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டாவது அரங்கில் 2015 ஜூலை 13 முதல் முன்னோட்டக் காட்சிகள் நடந்தன. முறையான தொடக்கம் ஆகஸ்ட் 6. முன்னோட்டக் காலத்தில் ஒரு நாடகத்தை வெட்டுவதும் ஒட்டுவதும் இயல்பு. நீங்கள் பார்த்தது முன்னோட்டக் காட்சியானால் அந்தச் சொல்லைப் பதிவில் சேருங்கள். இல்லையென்றால், பின்னர் நீக்கப்பட்ட ஒரு பகுதியை நீங்கள் விவரித்ததைப் படித்து, பார்க்காததை எழுதியிருக்கிறார் என்று யாராவது சொல்லக்கூடும். ஒரே நாளில் இரண்டு காட்சிகள் நடக்கும் இடங்களில் மதியக் காட்சியா மாலைக் காட்சியா என்பதையும் சேர்ப்பது நல்லது. நெறிகள் இதைக் கேட்பதில்லை. ஆனால் மதியத்துக்கும் மாலைக்கும் கலைஞர் மாறுவது உண்டு.

கலைஞர்களின் பெயர்களுக்கு உங்கள் கையில் இருப்பது நிகழ்ச்சிக் குறிப்பேடு. அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை என் சொந்தப் பிழையால் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சியைப் பற்றிய கட்டுரையில், இசைநடத்துநர் ஒரு பகுதியை வழக்கத்தைவிட மிக மெதுவாக எடுத்துச் சென்றதைப் பாராட்டி, குறிப்பேட்டில் அச்சாகியிருந்த பெயரை எழுதினேன். கட்டுரை வெளியான சில வாரங்களில், அன்று வாசித்த இசைக்கலைஞர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. குறிப்பேடு அச்சான பின் நடத்துநர் உடல்நலம் குன்றியதால் வேறொருவர் வந்து நடத்தியிருக்கிறார். அதைச் சொல்லும் ஒரு சிறு துண்டுத்தாள் குறிப்பேட்டுக்குள் செருகப்பட்டிருந்தது. அதை நான் எங்கோ தவறவிட்டிருக்கிறேன். அறிவிப்பும் செய்தார்கள், நான் தாமதமாக வந்து அமர்ந்ததால் அது என் காதில் விழவில்லை. என் கவனிப்பு சரியானது, புகழ் போய்ச் சேர்ந்த ஆள் தவறு.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். குறிப்பேட்டில் உள்ள பெயர்கள் அச்சேறிய நாளின் திட்டத்தைச் சொல்கின்றன. அன்றைய மாற்றங்கள் செருகப்பட்ட தாளிலோ, முன்கூடத்தில் வைத்த பலகையிலோ, திரை விலகுமுன் வரும் அறிவிப்பிலோதான் தெரியவரும். உங்கள் குறிப்பேட்டுக்குள் அப்படி ஒரு தாள் மடங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீண்ட நாள் ஓடும் நிகழ்ச்சிகளில் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் அச்சிட்டு, அன்று ஆடுபவரை வேறு தாளில் அறிவிப்பதும் உண்டு. பாலே குழுக்கள் பலவற்றில் இது அன்றாட நடைமுறை. அப்படியானால் குறிப்பேட்டில் முதலில் இருக்கும் பெயரை எடுத்து எழுதிவிடக் கூடாது. நடத்திய குழுவுக்கோ அரங்க நிர்வாகத்துக்கோ நாளையும் காட்சி நேரத்தையும் குறிப்பிட்டு, அன்று ஆடியவர்களின் பட்டியலைக் கேட்டு எழுதுங்கள். பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் பாதுகாத்து வையுங்கள். பதில் வராவிட்டால், 'குறிப்பேட்டின்படி' என்னும் சொல்லைப் பெயருக்கு முன் சேர்த்துவிட்டால் போதும். எந்த ஆதாரத்தின் மேல் அந்தப் பெயர் நிற்கிறது என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

எத்தனை பெயர்களை எழுதுவது என்றும் பலர் கேட்கிறார்கள். முப்பது பேர் ஆடிய நிகழ்ச்சியில் முப்பது பேரையும் எழுதத் தேவையில்லை. படைப்பாளர், நடன அமைப்பாளர் அல்லது இயக்குநர், குழுவின் பெயர், உங்கள் கட்டுரை பேசும் கலைஞர்கள் ஆகியோர் போதும். மேடை ஒளியைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் ஒளியமைப்பாளரின் பெயரைச் சேருங்கள்; எழுதவில்லை என்றால் அது தேவையில்லை. நேரடி இசையோடு ஆடினார்களா, பதிவு செய்த இசைக்கு ஆடினார்களா என்பதை மட்டும், கேட்காவிட்டாலும் ஒரு சொல்லில் குறித்துவிடுங்கள் என்பேன். தாளத்துக்கும் அசைவுக்கும் இடையிலான உறவைப் பற்றி நீங்கள் சொல்லும் எதையும் படிப்பவர் அதைத் தெரிந்துகொண்டே எடைபோட முடியும்.

இசை நிகழ்ச்சியில் இன்னொரு சிக்கல் வருகிறது. பெரும்பாலான கச்சேரிகளுக்குத் தனித் தலைப்பு கிடையாது. அப்போது கலைஞரின் பெயரிலோ குழுவின் பெயரிலோ பதிவைத் தொடங்கி, தலைப்பின் இடத்தில் 'இசை நிகழ்ச்சி' என்று வெறும் விளக்கமாக எழுதலாம். அதற்குச் சாய்வெழுத்தோ மேற்கோள் குறியோ போட வேண்டாம். நீங்கள் பேசும் உருப்படி எது என்பதைப் பதிவில் சேர்க்கலாம், உடலிலும் சொல்லலாம். ரசிகர்கள் கேட்டு இறுதியில் வாசித்த கூடுதல் உருப்படி குறிப்பேட்டில் இருக்காது. அதைப் பற்றி எழுதினால், அது அச்சில் இல்லாதது என்பதைத் தெரிவியுங்கள். முழுக்க முழுக்க அந்தக் கணத்தில் பிறந்த இசையானால், நாளும் இடமுமே தலைப்பாகிவிடும். பியானோ கலைஞர் கீத் ஜாரட் 1975 ஜனவரி 24 அன்று கொலோன் நகர ஆபரா அரங்கில் வாசித்தது, இசைத்தட்டாக வந்தபோதும் அந்த ஊரின் பெயரையே தாங்கியது. அந்த நிகழ்ச்சி இரவு 11.30 மணி அளவில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது என்பதால், இசையின் ஒரு பகுதி நாட்காட்டிப்படி 25ஆம் தேதிக்குள் விழுகிறது. ஆனாலும் வழங்கும் தேதி 24தான். நள்ளிரவைத் தாண்டும் நிகழ்ச்சிகளுக்குத் தொடங்கிய நாளையே எழுத வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது நெறியான, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ.வை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன், ஏனென்றால் உறுதியாகச் சொல்லக்கூடியது அங்கே குறைவு. அதன் 7ஆம் பதிப்பில் உறுதியான கொள்கை ஒன்று இருக்கிறது: வாசகர் தேடிப் பெற முடியாத சான்று பட்டியலில் இடம்பெறாது, அது கட்டுரையின் உடலில், 'தனிப்பட்ட தொடர்பு' என்ற வகையில், பெயரோடும் முழுத் தேதியோடும் மட்டும் சுட்டப்படும். பதிவு செய்யப்படாத வகுப்பறை உரை, நேரடிப் பேச்சு ஆகியவற்றை அது இந்த வகையில் வெளிப்படையாகவே சேர்க்கிறது. அதே தர்க்கப்படி, பதிவில்லாத நடன நிகழ்ச்சியும் பட்டியலுக்குள் வராது. இது வரை தெளிவு. ஆனால் நூற்றுக்கணக்கானோர் நடுவில் நடந்த பொது நிகழ்ச்சியைத் 'தனிப்பட்ட தொடர்பு' என்று அழைப்பது பொருந்தவில்லை என்று கருதி, சில நூலகங்கள் தம் மாணவர்களுக்காகச் சதுர அடைப்புக்குறியில் 'நேரடி நிகழ்ச்சி' என்று குறித்துப் பட்டியலில் சேர்க்கும் வடிவம் ஒன்றை உருவாக்கிக்கொண்டுள்ளன. அது அந்தந்த நூலகத்தின் தீர்வு. கையேட்டின் விதியாக எண்ண வேண்டாம். உங்கள் துறை ஏ.பி.ஏ. நெறியைக் கேட்டால், பெயர், நாள், அரங்கம் எல்லாவற்றையும் வாக்கியத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள் என்பது என் பரிந்துரை. நெறியாளர் பட்டியலில் வேண்டும் என்று வற்புறுத்தினால் மட்டும் சேருங்கள். 'தனிப்பட்ட தொடர்பு' என்னும் தொடர் எனக்கும் உறுத்துகிறது. வாக்கியத்திலேயே விவரங்கள் முழுமையாக இருந்தால் அந்தத் தொடருக்கான தேவையே பெரும்பாலும் எழாது.

சொடேரோ போன்ற மென்பொருளில் மேற்கோள்களைச் சேமிப்பவராக இருந்தால், அதன் வகைப் பட்டியலில் நேரடி நிகழ்ச்சி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏதாவது ஒரு வகையில் பதிவை உருவாக்கி, Extra என்ற கட்டத்தில் இந்த வரியைச் சேர்த்தால் அதை நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளும்:

```
Type: performance
```

இருந்தாலும் அரங்கமும் கலைஞர்களின் பங்கும் இறுதி வடிவத்தில் சரியாக வரும் என்று நம்பிவிட வேண்டாம். நான் இந்த வகைப் பதிவுகளைக் கையால் திருத்தித்தான் முடிக்கிறேன்.

இப்போது உங்கள் சொல்லை நம்பி நிற்கும் பகுதிக்கு வருகிறேன். கட்டுரையின் உடலில் படைப்பைப் பற்றியும் நிகழ்வைப் பற்றியும் பேசும்போது வினைச்சொல்லின் காலமே வாசகருக்கு வழி காட்டும். 'வசந்தத்தின் சடங்கின் இரண்டாம் பகுதியில் பலிக்குரியவள் தேர்ந்தெடுக்கப்படுகிறாள்' என்பது படைப்பைப் பற்றிய கூற்று. யார் ஆடினாலும் அது உண்மை. 'அன்று அவள் நெடுநேரம் அசையாமல் நின்றாள்' என்பது அந்த இரவைப் பற்றிய கூற்று. முதலாவதை நிகழ்காலத்திலும் இரண்டாவதை இறந்தகாலத்திலும் எழுதினால், எது பொதுவானது, எது நீங்கள் கண்டது என்பது தனி விளக்கம் இல்லாமலே பிரிந்துவிடும். இரண்டையும் நிகழ்காலத்தில் எழுதினால், ஓர் ஆட்டக்காரர் அந்த இரவு மட்டும் செய்த ஒன்று நடன அமைப்பாளரின் முடிவாக வாசகர் மனத்தில் பதிந்துவிடும். நான் திருத்தும் ஆய்வேடுகளில் மிக அதிகமாகக் காணும் பிழை இது. வடிவம் பிழைப்பதைவிட இதன் விளைவு பெரிது.

எதைச் சொல்ல முடியும் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரு முறை பார்த்ததை வைத்து, ஒருவர் ஓர் இடத்தில் நின்றார், ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தது, பார்வையாளர் சிரித்தார்கள் என்று எழுதலாம். 'அவர் எப்போதும் இந்த இடத்தில் நிற்கிறார்' என்று எழுத முடியாது. அதற்குக் குறைந்தது இரண்டு காட்சிகளையாவது பார்த்திருக்க வேண்டும், இரண்டு தேதிகளையும் தர வேண்டும். நிமிடக் கணக்கு சொல்வதானால், கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தீர்களா, மனத்தால் மதிப்பிட்டீர்களா என்பதைச் சொல்லுங்கள். மேடையின் ஒரு மூலையில் நடந்தது முக்கியமானால், நீங்கள் அமர்ந்திருந்த இடத்தையும் ஒரு சொல்லில் குறிக்கலாம். மாடத்திலிருந்து தெரியும் தரைக்கோலம் முன்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. அன்றிரவோ மறுநாள் காலையிலோ எழுதிய குறிப்புகள் உங்களிடம் இருந்தால், 'நிகழ்ச்சியை ஒட்டி உடனே எழுதிய குறிப்புகளின்படி' என்று சொல்லலாம். பல மாதங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதியதை அப்படிச் சொல்லக் கூடாது.

இதே நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு பின்னால் கிடைத்தால் மகிழ்ச்சி வரும், ஆனால் அது எந்த நாளின் பதிவு என்று பாருங்கள். ஹாமில்டனின் திரைவடிவம் 2016 ஜூன் இறுதியில் படமாக்கப்பட்டு 2020 ஜூலை 3 அன்று வெளிவந்தது. பிப்ரவரியில் நேரில் பார்த்த ஒருவர் அதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் திரையில் கண்ட முகபாவத்தைப் பிப்ரவரி நிகழ்வுக்குச் சான்றாக எழுதினால் அது புனைவு. அந்த விவரத்துக்குத் திரைவடிவத்தையே தனிச் சான்றாகக் காட்ட வேண்டும். ஒரு நாளின் நிகழ்வை முழுதாகப் பதிந்து காப்பவையும் உண்டு. நியூயார்க் பொது நூலகத்தின் அரங்கப் பதிவுக் காப்பகம் 1970 முதலும், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தேசிய நிகழ்த்துகலை ஒளிப்பதிவுக் காப்பகம் 1992 முதலும் இதைச் செய்துவருகின்றன. அங்கே நீங்கள் பார்த்த மேடை வடிவத்தின் பதிவு இருந்தாலும், பதிவான தேதி உங்கள் தேதியாக இருப்பது அரிது. அப்போது நேரில் கண்டது, காப்பகத்தில் கண்டது என்று இரண்டு பதிவுகள் எழுதுங்கள்.

உங்கள் நிலைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நுழைவுச்சீட்டு நாள், நேரம், அரங்கம், தலைப்பு ஆகியவற்றை உறுதி செய்கிறது. யார் ஆடினார்கள் என்பதைச் சொல்வதில்லை. நுழைவுச்சீட்டில் உள்ள தலைப்பு இடமின்மையால் சுருக்கப்பட்டிருக்கலாம். ஆகவே தலைப்பையும் பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் குறிப்பேட்டிலிருந்து எடுங்கள். இரண்டிலும் அரங்கத்தின் பெயர் வேறுபட்டால், ஒன்று கட்டடத்தின் பெயராகவும் மற்றொன்று அதற்குள் உள்ள மேடையின் பெயராகவும் இருக்கலாம். அப்போது மேடை, கட்டடம், ஊர் என்ற வரிசையில் எழுதலாம். குறிப்பேட்டிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்தாண்டால், அது நிகழ்ச்சிக்கான சான்றின் கீழ் வராது. குறிப்பேடு தனி ஆவணம். நடத்திய குழுவை வெளியிட்டவராகக் கொண்டு, பக்க எண்ணோடு அதற்கெனத் தனிப் பதிவு எழுத வேண்டும். வாசகர் சரிபார்க்கக்கூடிய பொருள் உங்களிடம் இருப்பதில் அதுவே முதன்மையானது என்பதால், அட்டையையும் கலைஞர் பட்டியல் உள்ள பக்கத்தையும் செருகிய தாள் இருந்தால் அதையும் படியெடுத்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வைக்க முடியுமா என்று நெறியாளரிடம் கேளுங்கள். நுழைவுச்சீட்டு வெப்பத்தால் அச்சிடும் வகைத் தாளாக இருந்தால் எழுத்துகள் நாளடைவில் மங்கி மறைந்துவிடும். அதை இன்றே படமெடுத்து வைத்துவிடுங்கள்.